வீட்டு உரிமையாளருக்கு எழுதிய கோபக் கடிதம் திருத்தப்பட்ட விதம்: கீழக்கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கீழக்கரையில் கடலை ஒட்டிய தெருக்களில் வாடகைக்கு விடப்படும் வீடுகளில் பலவற்றுக்கு உரிமையாளர்கள் ஊரில் இருப்பதில்லை. சென்னையிலோ வளைகுடா நாடுகளிலோ தொழில் செய்பவர்கள் வீட்டை உறவினர் ஒருவரின் பொறுப்பில் விட்டுச் செல்கிறார்கள். வாடகை வங்கிக் கணக்கில் போய்ச் சேர்கிறது. குறைகள் அந்த உறவினர் வழியாகச் சொல்லப்படுகின்றன. அவர் எதைச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பது வாடகைக்கு இருப்பவருக்குத் தெரிவதில்லை. இங்கே பதிவுசெய்யப்படும் நிகழ்வின் வேர் இந்த இடைவெளியில்தான் இருந்தது.

வாடகைக்கு இருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கராகப் பணிபுரிந்தவர். மனைவியோடும் மூன்று வயது மகளோடும் மாடி வீட்டில் குடியிருந்தார். வீடு கட்டி இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. மாத வாடகை 9,000 ரூபாய். முன்பணம் 50,000 ரூபாய். பதினோரு மாதங்களுக்கான ஒப்பந்தம் 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதப்பட்டு, எங்கும் பதிவுசெய்யப்படாமல் இரு தரப்பிடமும் ஒவ்வொரு பிரதியாக இருந்தது. உரிமையாளர் துபாயில் கடை வைத்திருந்தவர், அறுபதைக் கடந்தவர். வீட்டைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய மனைவியின் தம்பி. நான் பத்திரம், மனு, ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால், அனுப்புவதற்கு முன் அந்த மின்னஞ்சல் வரைவு என்னிடம் வந்தது.

நவம்பர் 17 இரவு

வடகிழக்குப் பருவமழை பிடித்து மூன்று வாரங்களாகியிருந்த நேரம். இரவு ஒன்பது மணியளவில் படுக்கையறைக் கூரையிலிருந்து ஏறத்தாழ இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட பகுதி பெயர்ந்து விழுந்தது. குடும்பத்தினர் மூவரும் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தனர். விழுந்த இடத்துக்கு நேர் கீழே குழந்தையின் கட்டில் இருந்தது.

மறுநாள் அந்த அறையை நானும் பார்த்தேன். தரையில் கிடந்த துண்டுகளில் பெரியது இரண்டு விரல் தடிமன் இருந்தது. அதன் உட்புறத்தில் கம்பி பதிந்திருந்த பள்ளமும், அந்தப் பள்ளம் முழுவதும் படிந்த செம்பழுப்புத் துருவும் தெளிவாகத் தெரிந்தன. கூரையில் மூன்று கம்பிகள் வெளியே தெரிந்தன. நகத்தால் சுரண்டினால் துரு ஏடு ஏடாக உரிந்தது. கடற்காற்றில் வரும் உப்பு, கான்கிரீட்டுக்குள் ஈரத்தோடு இறங்கிக் கம்பியை அடைந்தால், கம்பி துருப்பிடிக்கத் தொடங்குகிறது. துரு, அது உண்டான இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிப்பதால், கம்பிக்குக் கீழே இருக்கும் காரையைத் தள்ளி வெடிக்கச் செய்கிறது. வெளியே மெல்லிய கீறலும் பழுப்புக் கறையும் தெரிந்த காலத்திலேயே உள்ளே இது நடந்துகொண்டிருந்திருக்கும். கொத்தனார் ஒருவரை அழைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கச் சொன்னபோது, விழுந்த இடத்தைச் சுற்றி மேலும் பெரிய பரப்பில் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஓசை கேட்டது. அந்தப் பரப்பும் எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்றார் அவர். இந்தக் கருத்து பின்னர் கடிதத்தில் முதன்மையான இடத்தைப் பெற்றது.

முதல் வரைவு

மறுநாள் இரவு, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, கூடத்தில் அமர்ந்து கைப்பேசியில் அவர் தட்டிய வரைவு ஒரு பக்கத்துக்கு மேல் இருந்தது. அவருடைய அனுமதியுடன் அதன் முக்கியமான பகுதியை இங்கே தருகிறேன்.

"பொருள்: உங்கள் பாழடைந்த வீடு பற்றி. நாலு மாசமாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. உங்கள் மச்சானிடம் சொன்னால் பார்த்துக்கலாம் பார்த்துக்கலாம் என்பதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது. மாதம் பிறந்தால் வாடகையை எண்ணி வாங்க மட்டும் உங்களுக்குத் தெரிகிறது. துபாயில் ஏசியில் உட்கார்ந்திருப்பவருக்கு எங்கள் கஷ்டம் எங்கே புரியப்போகிறது? மோட்டார் இரண்டு முறை ரிப்பேர். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. தண்ணீர் உப்பு. நேற்று இரவு கூரை என் மகள் தலையில் விழ வேண்டியது. உங்கள் பேத்தியாக இருந்தால் இப்படி விட்டிருப்பீர்களா? இந்த மாதம் வாடகை ஒரு பைசா தர மாட்டேன். வக்கீல் நோட்டீஸ் வரும். முடிந்ததைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

நகல் பெறுவோர் வரிசையில் வீட்டைப் பிடித்துக் கொடுத்த தரகர், உரிமையாளரின் தம்பி, அவருடைய கடையின் பொது முகவரி ஆகியவை சேர்க்கப்பட்டிருந்தன. நாலு பேருக்குத் தெரிந்தால்தான் உறைக்கும் என்பது அவருடைய எண்ணம்.

இந்தக் கோபம் நியாயமற்றது என்று நான் கருதவில்லை. அதை அவரிடமும் சொன்னேன். ஆனால் கடிதம் வேண்டுவது ஒன்று, கடிதம் பெற்றுத் தரப்போவது வேறொன்று. அவருக்கு வேண்டியது குழந்தை அந்த அறையில் பயமில்லாமல் படுக்கும் நிலை. வரைவைப் படிக்கும் உரிமையாளருக்கோ கூரையைப் பற்றிய செய்தி ஏழெட்டு வரிகளுக்குப் பிறகுதான் கண்ணில் படும். அதற்குள் தன்னையும் தன் மைத்துனரையும் தன் பிழைப்பையும் இழித்துப் பேசிய வரிகளுக்குப் பதில் எழுதத் தொடங்கியிருப்பார்.

எவை நீக்கப்பட்டன, ஏன்

வரைவைத் தாளில் அச்செடுத்து, படம், தேதி, ரசீது ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றால் காட்டக்கூடிய வாக்கியங்களின் அடியில் மட்டும் பென்சிலால் கோடிடச் சொன்னேன். ஒரு பக்கத்தில் நான்கு வாக்கியங்களே தேறின. அவற்றிலும் ஒன்று நிற்கவில்லை. "நாலு மாசமாக" என்பதைக் கைப்பேசி அழைப்புப் பதிவோடும் வாட்ஸ்அப் செய்திகளோடும் வைத்துப் பார்த்தபோது, கூரையில் கீறல் இருப்பதை மைத்துனரிடம் முதலில் சொன்னது ஆகஸ்ட் 6 அன்று என்றும், உரிமையாளரிடமே தொலைபேசியில் சொன்னது செப்டம்பர் 2 அன்று ஒரே முறைதான் என்றும் தெரிந்தது. உரிமையாளரின் கணக்கில் அது இரண்டரை மாதம். நாலு மாதம் என்று எழுதினால், அது பொய் என்ற ஒரே வரியில் அவர் முழுக் கடிதத்தையும் தள்ளிவிட முடியும். ஆகஸ்ட் 6, செப்டம்பர் 2 என்ற தேதிகளை எழுதினால் மறுக்க இடமில்லை; காலதாமதத்தை அவரே எண்ணிக்கொள்வார்.

கேள்விகள் அனைத்தும் நீக்கப்பட்டன. "உங்கள் பேத்தியாக இருந்தால்" என்ற வரியை விட அவருக்கு மனமில்லை. "அண்ணாச்சி, அந்த ஒரு வரிதான் அவருக்குத் தைக்கும்" என்றார். தைக்கும் என்பது உண்மைதான். ஆனால் தைத்த இடத்தில் கோபம் வருமே தவிர, கொத்தனார் வரமாட்டார். அந்த வரி செய்ய நினைத்த வேலையை, "எங்கள் மகளின் கட்டில் அந்த இடத்துக்கு நேர் கீழே இருந்தது" என்ற செய்தி வாக்கியத்திடம் ஒப்படைத்தோம். படிப்பவர் தன் பேத்தியை நினைப்பாரா இல்லையா என்பதை அவரிடமே விட்டுவிட்டோம்.

மைத்துனரைப் பற்றிய வரிகளில் அதிக நேரம் செலவாயிற்று. அவர் மெத்தனமாக இருந்தார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் உரிமையாளரின் மனைவிக்குத் தம்பி. அவரைப் பழித்து எழுதினால் அது கூரைப் பிரச்சினையாக இல்லாமல், கணவன் மனைவிக்கு இடையிலான பேச்சாக மாறிவிடும். உரிமையாளர் எந்தப் பக்கம் நிற்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எனவே, "தங்கள் மைத்துனர் ஆகஸ்ட் 9, அக்டோபர் 20 ஆகிய நாட்களில் நேரில் வந்து பார்த்தார்" என்று மட்டும் எழுதப்பட்டது. இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இரண்டு முறை பார்த்தவர் என்ன செய்தார் என்ற கேள்வி உரிமையாளரின் மனத்தில் தானாக எழும்.

வாடகை தர மாட்டேன் என்ற வரி ஆபத்தானது. கூரை விழுந்ததில் தவறு உரிமையாளரின் பக்கம் இருந்தபோது, வாடகையை நிறுத்திய அன்றே தவறு இரு பக்கமும் ஆகிவிடும். வாடகை பாக்கி, குடியிருப்பவரைக் காலிசெய்யச் சொல்வதற்குச் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று. வக்கீல் நோட்டீஸ் பற்றிய மிரட்டலும் இதே போன்றது. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகார அமைப்பிடம் பதிவுசெய்யப்பட வேண்டும். இவர்கள் இருவரும் அதைச் செய்யவில்லை. முதல் கடிதத்திலேயே சட்டத்தை இழுத்தால், முதலில் எழும் கேள்வி அந்தப் பதிவைப் பற்றியதாக இருக்கும். அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, கட்டட அமைப்பு சார்ந்த பழுதுகளை உரிமையாளரின் பொறுப்பிலும், குழாய், வாஷர் மாற்றுவது போன்ற சிறு பழுதுகளைக் குடியிருப்பவரின் பொறுப்பிலும் வைக்கிறது. இவர்களுடைய ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பத்தியும் ஏறக்குறைய இதையே சொன்னது. ஆகவே சட்டத்தைச் சொல்லாமல் ஒப்பந்தத்தின் பத்தியை மட்டும் மேற்கோள் காட்ட முடிவு செய்தோம். உரிமையாளர் கையெழுத்திட்ட வரியை அவருக்கே நினைவூட்டுவதில் மிரட்டல் தொனி இல்லை.

இந்த அட்டவணையைப் பார்த்ததில் இன்னொரு பயனும் கிடைத்தது. ஒழுகும் குளியலறைக் குழாய் குடியிருப்பவரே மாற்ற வேண்டியது என்று தெரிந்ததும், அதை அவர் மறுநாளே 380 ரூபாய்க்கு மாற்றிக்கொண்டார். அதைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்தோம். உப்புத் தண்ணீர் இந்தக் கடற்கரை முழுவதற்கும் உள்ள நிலை. அதைப் புகாராக எழுதினால் கூரையின் கனம் குறையும் என்பதால் விட்டுவிட்டோம். மோட்டார் பழுது முன்பே சரிசெய்யப்பட்டு, அதற்கான பணமும் தரப்பட்டிருந்தது; முடிந்த கதை. நகல் வரிசை முற்றிலும் அழிக்கப்பட்டது. நான்கு பேர் பார்க்கத் திட்டு வாங்கியவர், அந்த நான்கு பேருக்காகத்தான் பதில் எழுதுவார்.

குழைந்துபோன இரண்டாம் வரைவு

இவ்வளவையும் நீக்கிய பிறகு அவர் வீட்டுக்குப் போய் எழுதி வந்த இரண்டாம் வரைவு மறுகோடிக்குப் போயிருந்தது. "தங்களுக்குத் தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்கவும். கூரையில் சிறிது பழுது ஏற்பட்டுள்ளது. தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது தயவுசெய்து கவனித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்" என்று அதில் இருந்தது.

கோபத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கெஞ்சல்தான் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். மனு எழுத வருபவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். முதல் வரைவைப் படிப்பவர் கோபப்படுவார். இரண்டாவதைப் படிப்பவர் மறந்துவிடுவார். கூரை விழுந்ததற்குக் குடியிருப்பவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இரண்டடிக்குக் கூரை விழுந்ததைச் "சிறிது பழுது" என்பது உண்மையும் அல்ல. "நேரம் கிடைக்கும்போது" என்ற ஒரு தொடர், கேட்ட வேலையின் காலக்கெடுவை முழுவதுமாகக் கேட்கப்படுபவரின் கையில் கொடுத்துவிடுகிறது.

எனவே பணிவு எங்கே இருக்க வேண்டும், உறுதி எங்கே இருக்க வேண்டும் என்று பிரித்துக்கொண்டோம். விளிப்பிலும், "தாங்கள்" என்ற மரியாதையிலும், பழிச்சொல் இல்லாமையிலும் பணிவு இருக்கட்டும். அளவிலும், தேதியிலும், பதில் வராவிட்டால் நடக்கப்போவதைச் சொல்லும் வாக்கியத்திலும் உறுதி இருக்கட்டும். இந்த இரண்டாவது வகையில் "தயவுசெய்து", "முடிந்தால்", "கூடுமானால்" போன்ற சொற்களுக்கு இடம் தருவதில்லை என்று முடிவானது. நலம் விசாரிக்கும் ஒரு வரியை மட்டும் நான் வற்புறுத்தி வைத்தேன். அது இல்லாமல் தொடங்கும் கடிதத்தை எங்கள் பக்கத்தில் சண்டைக் கடிதமாகவே படிப்பார்கள்.

காலக்கெடுவுக்கு ஒரு காரணமும் சேர்க்கப்பட்டது. பத்து நாளில் செய்யுங்கள் என்று வெறுமனே எழுதினால் அது கட்டளை போல ஒலிக்கும். மழை தொடர்வதால் தளர்ந்த பகுதி விழும் என்று கொத்தனார் சொன்னதை முன்வைத்து எழுதினால், தேதியை விதிப்பது மழையாகிறது. அதேபோல் எல்லா வேலையையும் ஒரே தேதிக்குள் கேட்கவில்லை. ஈரம் காயாத மொட்டைமாடியில் தளம் போட முடியாது என்பது உரிமையாளருக்கும் தெரியும். செய்ய முடியாததைக் கேட்டால், செய்யக்கூடியதையும் அதோடு சேர்த்துத் தள்ளிவிடுவார்.

அனுப்பப்பட்ட கடிதம்

"பொருள்: மாடிப் படுக்கையறைக் கூரை விழுந்தது – நவம்பர் 28-க்குள் செய்ய வேண்டிய பணி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

நவம்பர் 17 இரவு சுமார் 9 மணிக்கு, படுக்கையறைக் கூரையில் இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. எங்கள் மகளின் கட்டில் அந்த இடத்துக்கு நேர் கீழே இருந்தது. அப்போது அறையில் யாரும் இல்லாததால் எவருக்கும் காயமில்லை. மூன்று கம்பிகள் துருப்பிடித்த நிலையில் வெளியே தெரிகின்றன. படங்கள் நான்கை இணைத்துள்ளேன். அளவு தெரிவதற்காக அளவுநாடாவை வைத்து எடுத்திருக்கிறேன். அன்று முதல் அந்த அறையைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

கூரையில் கீறல் இருப்பதை ஆகஸ்ட் 6 அன்று தங்கள் மைத்துனரிடமும், செப்டம்பர் 2 அன்று தொலைபேசியில் தங்களிடமும் தெரிவித்தேன். தங்கள் மைத்துனர் ஆகஸ்ட் 9, அக்டோபர் 20 ஆகிய நாட்களில் நேரில் வந்து பார்த்தார். பணி இதுவரை தொடங்கவில்லை.

கொத்தனார் தட்டிப் பார்த்ததில், விழுந்த இடத்தைச் சுற்றி இன்னும் ஏறத்தாழ நாற்பது சதுர அடி தளர்ந்திருப்பதாகவும், மழை தொடர்ந்தால் அதுவும் விழும் என்றும் சொன்னார். எனவே பின்வரும் மூன்றையும் தாங்கள் செய்து தர வேண்டும். முதலாவது, தளர்ந்த காரையை நவம்பர் 28-க்குள் அகற்றுவது. இதற்குக் கொத்தனார் சொன்ன கூலி 4,500 ரூபாய். இரண்டாவது, கம்பிகளைச் சுத்தம் செய்து கூரையை மீண்டும் பூசுவதை டிசம்பர் 31-க்குள் முடிப்பது. மூன்றாவது, மொட்டைமாடி நீர்க்கசிவை மழைக்காலம் முடிந்த பின், பிப்ரவரி 28-க்குள் சரிசெய்வது. நமது ஒப்பந்தத்தின் 9-ஆம் பத்தி, பெரிய பழுதுகளைத் தங்கள் பொறுப்பில் வைத்திருக்கிறது.

நவம்பர் 25-க்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். அதற்குள் பதில் வராவிட்டால், பாதுகாப்புக் கருதி முதல் பணியை மட்டும் நானே செய்வித்து, ரசீதை அனுப்பி, அந்தத் தொகையை டிசம்பர் வாடகையில் கழித்துக்கொள்வேன். மீதி வாடகை வழக்கம்போல் 5-ஆம் தேதி தங்கள் கணக்கில் வந்துவிடும்.

குளியலறைக் குழாயை என் செலவிலேயே மாற்றிவிட்டேன். பணியாட்கள் வருவதற்கு முந்தைய நாள் சொன்னால் போதும். என் மனைவி வீட்டில் இருப்பார்.

நன்றி.
தங்கள் உண்மையுள்ள,"

கீழே அவருடைய பெயரும், வீட்டு முகவரியும், கைப்பேசி எண்ணும் இருந்தன. நவம்பர் 20 காலை பத்து மணிக்கு மின்னஞ்சல் அனுப்பப்பட்டது. துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. கடைக்குப் புறப்படும் வேளையில் அவர் பார்க்கட்டும் என்று கருதினோம். மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன் என்ற ஒற்றை வரியும், விழுந்த பகுதியின் ஒரு படமும் வாட்ஸ்அப்பில் அனுப்பப்பட்டன. அந்த வயதினர் மின்னஞ்சலைத் திறக்காமல் விட்டுவிடக்கூடும்.

அதன் பின் நடந்தவை

இரண்டாம் நாள் பதில் வந்தது. சுண்ணாம்பு உதிர்கிறது என்றுதான் தன்னிடம் சொல்லப்பட்டதாகவும், படத்தைப் பார்த்த பிறகே நிலைமை புரிந்தது என்றும், குழந்தைக்கு ஒன்றும் ஆகாததற்கு இறைவனுக்கு நன்றி என்றும் உரிமையாளர் எழுதியிருந்தார். அடுத்த வரியிலேயே, "வாடகையில் கழிப்பேன் என்று நீங்கள் எழுதியது எனக்கு வருத்தம். நான் பணம் தராதவன் இல்லை" என்றும் இருந்தது.

இதைப் படித்ததும் பழைய கோபம் மீண்டும் தலைதூக்கியது. வருத்தப்பட வேண்டியவர் யார் என்று விளக்கி நீண்ட பதில் எழுத அவர் முனைந்தார். கேட்டது கிடைத்துவிட்ட பிறகு வாதத்திலும் வெல்ல வேண்டிய தேவை இல்லை என்று சொல்லி, மூன்று வரியில் பதில் போட வைத்தேன். உடனே பதிலளித்ததற்கு நன்றி. தொகையைத் தாங்களே கொத்தனாரிடம் தருவதானால் அதுவே எனக்கும் விருப்பம். 28-ஆம் தேதிக்குள் முடிய எந்த நாளில் ஆள் வருவார் என்று தெரிவித்தால் அறையைக் காலிசெய்து வைக்கிறோம். கழிப்பேன் என்ற வரிக்கு அந்தப் பதிலில் விளக்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாமா என்று பிறகு என்னிடம் கேட்டார். விட்டிருந்தால் பதில் அவ்வளவு விரைவாக வந்திருக்காது என்பதே என் கணிப்பு. ஆனால் "தங்கள் ஒப்புதல் இல்லாமல் இதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை" என்ற ஒரு வரியை அதற்கு முன் வைத்திருந்தால், அந்த மனத்தாங்கலைத் தவிர்த்திருக்க முடியும்.

நவம்பர் 26 அன்று இரண்டு ஆட்கள் வந்து தளர்ந்த பகுதியைத் தட்டி எடுத்தனர். நாற்பது சதுர அடி என்று மதிப்பிட்டது ஐம்பதைத் தாண்டியது. முழுப் பணிக்கு முதல் கொத்தனார் 31,000 ரூபாய் கேட்டார். உரிமையாளர் அதிகம் என்று கூறி, ராமநாதபுரத்திலிருந்து வேறொருவரை வரவழைத்து 26,000 ரூபாய்க்குப் பேசினார். கம்பிகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு தடுப்புப் பூச்சு அடித்து, ஒட்டுப்பால் கலந்த சிமெண்ட் கலவையால் பூசும் வேலை ஜனவரி இரண்டாம் வாரத்தில் முடிந்தது. டிசம்பர் 31 என்ற கெடு தவறியது. அந்த மாதத்திலும் மழை இருந்ததால், அதைப் பற்றிக் கடிதம் எழுதாமல் தொலைபேசியில் மட்டும் கேட்டுக்கொண்டார். மொட்டைமாடி வேலை பிப்ரவரியில் நடக்கவில்லை. மார்ச் முதல் வாரத்தில் பழைய மின்னஞ்சலின் மேலேயே, மூன்றாவது பணி நிலுவையில் இருப்பதை இரண்டு வரியில் நினைவூட்டியபின், ஏப்ரலில் பழைய தட்டோடுகளைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்தார்கள்.

எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று சொல்ல முடியாது. மைத்துனர் அதற்குப் பிறகு இவர்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரைப் பற்றி ஒரு பழிச்சொல்லும் எழுதவில்லை என்றாலும், இரண்டு தேதிகள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டன. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வாடகையும் 500 ரூபாய் கூடியது.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலாவதாக, இந்தக் கடிதம் ஆகஸ்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆகஸ்ட் 6 அன்று கீறலையும் பழுப்புக் கறையையும் பார்த்தபோது ஒரு படத்தோடு ஐந்து வரி அனுப்பியிருந்தால், உரிமையாளருக்குச் செய்தி மைத்துனரின் வாய்வழியாக மட்டும் போயிருக்காது. கோபம் ஏறாத நேரத்தில் எழுதும் கடிதத்தில் நீக்குவதற்கும் அதிகம் இருப்பதில்லை. வாய்வழியாகச் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அன்றே, "இன்று தங்களிடம் தொலைபேசியில் கூரைக் கீறல் பற்றிப் பேசினேன்" என்ற அளவில் ஒரு செய்தி அனுப்பும் பழக்கத்தை அவர் இப்போது வைத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவதாக, குடிவந்த நாளில் கூரை, சுவர், கதவு ஆகியவற்றைப் படமெடுத்து வைக்கவில்லை. கீறல் முன்பே இருந்ததா, இவர்கள் மின்விசிறி மாட்டியதால் வந்ததா என்ற கேள்வியை மைத்துனர் ஒரு கட்டத்தில் எழுப்பினார். வெளியே தெரிந்த துருவின் தடிமனே அதற்குப் பதிலாக அமைந்தது. துரு அவ்வளவு தெளிவாகத் தெரியாத வேறொரு வீட்டில் அந்தப் பதில் கிடைத்திருக்காது.

மூன்றாவதாக, மூன்று பணிகளையும் ஒரே கடிதத்தில் கேட்டதைப் பற்றி எனக்கு இன்னும் இரண்டு மனம்தான். பிப்ரவரிக் கெடுவை நவம்பரில் எழுதியதால்தான் மார்ச் மாத நினைவூட்டல் இரண்டு வரியில் முடிந்தது என்பது அதன் நன்மை. ஆனால் உரிமையாளர் பதில் எழுதும்போது முதல் பணிக்கு மட்டும் சரி என்று சொல்லி, மற்ற இரண்டைப் பற்றி மௌனமாக இருந்துவிட்டார். அந்த மௌனத்தை அன்றே கவனித்து, அந்த மூன்று வரிப் பதிலில் நான்காவதாக, "மற்ற இரு பணிகளைப் பற்றிய தங்கள் கருத்தையும் தெரிவிக்கவும்" என்று சேர்த்திருக்க வேண்டும்.

புதுப்பித்த ஒப்பந்தம் இம்முறை பதிவுசெய்யப்பட்டது. அதன் 9-ஆம் பத்தியில், கூரை, சுவர், மொட்டைமாடி ஆகியவற்றின் பழுது எழுத்தில் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் உரிமையாளரால் தொடங்கப்பட வேண்டும் என்ற வரி, இரு தரப்பின் ஒப்புதலோடு சேர்க்கப்பட்டிருக்கிறது.